தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் நிற்கும் கடை: விற்பதா, பொறுப்பதா?

கேள்வி: எங்கள் கடை இருக்கும் சாலையில் சுரங்க மெட்ரோ நிலையம் அமைக்கும் வேலை தொடங்கிவிட்டது. அப்பா காலத்திலிருந்து சொந்தக் கட்டடத்தில் காலணிக் கடை நடத்துகிறோம். கடன் எதுவும் இல்லை. தடுப்புத் தகடு வாசல்வரை வந்துவிட்டதால் வியாபாரம் சரிகிறது. அறிவிப்பு வந்ததுமே விலை ஏறிவிட்டது, இப்போதே விற்றுவிடலாம் என்கிறான் தம்பி. ரயில் ஓடத் தொடங்கினால் விலை இன்னும் ஏறும், நெரிசலும் தீரும், பொறுப்போம் என்கிறார் என் மனைவி. என்ன செய்வது?
— வாசகர் ஒருவர்

பதில்: முடிவெடுக்கும் முன் மெட்ரோ நிர்வாகத்தின் திட்ட அலுவலகத்துக்குச் சென்று, உங்கள் நிலையத்தின் வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். சொத்து மதிப்பீட்டுத் தொழிலில் இத்தனை ஆண்டுகள் இருந்தும், ‘மெட்ரோ பக்கத்துச் சொத்து’ என்று பொதுவாக ஒன்றை மதிப்பிட எனக்குத் தெரியாது. ஒரே சாலையில் நூறு மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கடைகளின் கதி வெவ்வேறாக முடியும். சுரங்க நிலையம் என்பது சாலைக்கு அடியில் புதைக்கப்படும், ஏறத்தாழ இருநூறு மீட்டர் நீளமுள்ள பெரிய கான்கிரீட் பெட்டி. அந்தப் பெட்டிக்கு மேலே உள்ள சாலையைத்தான் பெரும்பாலும் தோண்டுவார்கள். இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் துளையிடும் இயந்திரம் நிலத்தடியிலேயே கடந்துவிடும் என்பதால், அங்குள்ள கடைகளுக்கு வேலையின் தொல்லையும் குறைவு, பின்னால் வரும் ஆதாயமும் குறைவு. வரைபடத்தில் நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு: பெட்டியின் எல்லை உங்கள் வாசலைத் தாண்டுகிறதா என்பதும், மேலேறி வரும் படிக்கட்டுகள் சாலையின் எந்தப் பக்கத்தில் திறக்கின்றன என்பதும். படிக்கட்டுக்காக உங்கள் முகப்பிலேயே ஒரு துண்டு நிலம் கேட்கப்பட்டிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து, வேலையை எந்த முறையில் செய்கிறார்கள் என்று அங்குள்ள பொறியாளரிடம் கேளுங்கள். முதலில் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின் கம்பி ஆகியவற்றை இடம் மாற்றுவார்கள். பழைய சாலைகளில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்பதற்குச் சரியான பதிவு இருப்பதில்லை. அதனால் தாமதம் பெரும்பாலும் இங்கேயே பிறந்துவிடுகிறது. பிறகு பெட்டியின் பக்கச் சுவர்களை, டயஃப்ரம் சுவர் என்பார்கள், மண்ணுக்குள்ளேயே ஆழமாக வார்ப்பார்கள். இதன் பிறகுதான் உங்களுக்கு முக்கியமான வேறுபாடு வருகிறது. சில நிலையங்களில் அடிவரை தோண்டி முடித்து, கீழ்த்தளத்திலிருந்து மேல்நோக்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். அங்கே கடைசிவரை சாலை பள்ளமாகவே கிடக்கும். வேறு சில நிலையங்களில் மேல்தளத்தை முதலில் வார்த்துவிட்டு, அதன் அடியில் தோண்டுவார்கள். அப்படியானால் மண்ணை வெளியேற்றும் திறப்புகள் தவிர மற்றச் சாலையின் பெரும்பகுதியை இடையிலேயே திருப்பித் தர முடியும். உங்கள் நிலையம் இந்த இரண்டாவது வகை என்றால், நீங்கள் தாக்குப்பிடிக்க வேண்டிய காலம் ரயில் ஓடும் நாள்வரை நீளாது. மேல்தளத்தின் மீது தார் விழும் நாளோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

இடைப்பட்ட காலத்தில் வியாபாரம் ஏன் விழுகிறது என்பதைத் தகட்டுக்குப் பின்னால் ஒரு மாலைப் பொழுது நின்று பார்த்தால் புரியும். தகட்டுக்கும் கடைப் படிக்கும் நடுவே இருவர் ஒதுங்கி நடக்கும் அகலம்தான் மிஞ்சியிருக்கும். எதிர்ப் பக்கத்திலிருந்து பெயர்ப்பலகை தெரியாது; வண்டி நிறுத்த இடமிருக்காது; பேருந்து நிறுத்தம் இணைச் சாலைக்குப் போயிருக்கும். காட்சிக் கண்ணாடியைக் காலையில் துடைத்தால் மதியத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்துவிடும். வெளியே எடுத்து வைத்த செருப்பு ஜோடி, வாங்க வந்தவர் கையில் எடுக்கும்போதே பழைய சரக்குபோலத் தெரியும். உங்கள் பெயரைத் தேடி வரும் பழைய வாடிக்கையாளர் எப்படியாவது வந்து சேர்வார். போகிற வழியில் பார்த்து உள்ளே நுழைபவர் வரமாட்டார். ஆகவே உங்கள் விற்பனையில் எவ்வளவு வழிப்போக்கர்களால் வந்தது என்பதை மதிப்பிட்டால், எவ்வளவு விழும் என்பதும் ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

அந்த வீழ்ச்சியைத் தாங்க முடியுமா என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் பேரேட்டில் உள்ளவற்றை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாத விற்பனை 100 பங்கு என்றும், சரக்கின் அடக்கம் 65 என்றும் கொண்டால் கையில் நிற்பது 35. அதில் சம்பளம், மின்சாரம், வரி முதலிய நிலையான செலவுக்கு 25 போனால் 10 மிஞ்சும். விற்பனை 70 ஆனால், சரக்கின் அடக்கம் போக 24.5 நிற்கும், அப்போதே அரைப் பங்கு நட்டம் தொடங்கிவிடுகிறது. 60 ஆக விழுந்தால் மாதம் 4 பங்கு நட்டம்; மூன்று ஆண்டுகளில் அது 144 பங்காகச் சேரும். முன்பு மாதந்தோறும் மிஞ்சிய 10 பங்கும் வராமல் போனதைச் சேர்த்தால், மொத்த இழப்பு 504 பங்கு, அதாவது பழைய கணக்கில் ஐந்து மாத விற்பனைக்குச் சமம். சொந்தக் கட்டடம் என்பதால் நீங்கள் இதைத் தாங்கிவிடக்கூடும். வாடகைக் கட்டடத்தில் இருப்பவருக்கு நிலையான செலவில் வாடகையும் சேர்வதால், அவர்தான் முதலில் கடையை மூடுகிறார். மெட்ரோ வேலையால் ஒரு சாலை கெட்டது, செழித்தது என்று பேசும்போது இதை மறந்துவிடுகிறோம்: நட்டத்தைச் சுமந்தவரும் பிறகு ஆதாயம் பெற்றவரும் பல இடங்களில் ஒரே ஆள் அல்ல.

இப்போது தம்பியின் வாதம். அறிவிப்பு வந்ததுமே விலை ஏறிவிட்டது என்று அவர் சொல்வது சரியான கவனிப்பு. வரப்போகும் நன்மையின் ஒரு பகுதியைச் சந்தை முன்கூட்டியே விலையில் சேர்த்துவிடும். தோண்டத் தொடங்கியதும் முகப்புக் கடைகளின் விலை தேங்கும் அல்லது சற்று இறங்கும். முடியும் தறுவாயில் மீண்டும் நகரும். ஆகவே இப்போது விற்கப் போனால், வாங்க வருபவர் தகட்டைக் காட்டியே விலையைக் குறைப்பார். அதற்காகக் காத்திருப்பது இலவசம் என்றும் நினைத்துவிடக் கூடாது. இன்று 100 பங்குக்கு விற்று, ஆண்டுக்கு 7 விழுக்காடு தரும் இடத்தில் போட்டால், ஆறு ஆண்டுகளில் அது 150 ஆகும். ஒன்பது ஆண்டுகளில் 184 ஆகும். இடையில் கட்டடத்தால் வருமானம் ஏதும் இல்லையென்றால், பொறுத்திருந்து விற்கும் விலை அந்த எண்ணைத் தாண்டினால்தான் பொறுத்ததற்குப் பொருள் உண்டு. மூன்று ஆண்டுத் தாமதம் என்பது இந்தத் துறையில் அரிதானதும் அல்ல. லண்டனில் 2018 டிசம்பரில் திறப்பதாக இருந்த எலிசபெத் பாதை 2022 மே மாதத்தில்தான் திறந்தது. நியூயார்க்கின் இரண்டாம் அவென்யூ சுரங்கப் பாதைக்கு 2007இல் வேலை தொடங்கி, முதல் பகுதியில் ரயில் ஓடியது 2017 ஜனவரி முதல் நாளில். அந்த இடைக்காலத்தில் அச்சாலையின் சிறு கடைகள் பல மூடப்பட்டன. அதனால், திறப்பு நாள் என்று அறிவிக்கப்படும் தேதியோடு மூன்று ஆண்டுகளைக் கூட்டிக் கணக்குப் போடுங்கள் என்றே நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

நெரிசல் தீரும் என்று உங்கள் மனைவி நம்புவதை நான் ஏற்க மாட்டேன். தகடுகளை எடுத்ததும் சாலை சில மாதங்கள் இலகுவாக இருக்கும், உண்மைதான். ஆனால் இடம் கிடைத்தது என்று தெரிந்தவுடன், வேறு சாலையில் போய்க்கொண்டிருந்தவர் இங்கே திரும்புவார். நெரிசலுக்கு அஞ்சி நேரம் மாற்றிக் கிளம்பியவர் பழைய நேரத்துக்கே வருவார். பேருந்துக்கு மாறியவர் மீண்டும் வண்டியை எடுப்பார். பொருளியலாளர் ஆன்டனி டவுன்ஸ் 1962லேயே இதை விளக்கியிருக்கிறார். நிலைய வாசலில் ஆளை இறக்கவும் ஏற்றவும் வரும் வண்டிகள் இதற்கு மேல் சேரும். மாறப்போவது ஒன்றுதான்: வண்டி நகராவிட்டாலும் மனிதர்கள் வந்துபோக ஒரு வழி இருக்கும்.

அந்த மனிதர்கள் உங்கள் கடைக்குள் வருவார்களா என்பதைப் படிக்கட்டு எந்தப் பக்கம் திறக்கிறது என்பது முடிவு செய்யும். காலையில் ரயிலுக்கு ஓடுகிறவர் எதையும் வாங்குவதில்லை. மாலையில் படியேறி, வீடு நோக்கி நடக்கிறவர்தான் நின்று பார்ப்பார். ஆகவே குடியிருப்புப் பக்கம் திறக்கும் வாயிலுக்கு ஐம்பது, அறுபது மீட்டருக்குள், அவர்கள் நடக்கும் அதே நடைபாதையில் கடை இருந்தால் அது நல்ல இடம். சாலையின் மறுபக்கம் என்றால், நடுவில் தடுப்புச் சுவர் வைத்துவிட்ட பிறகு கடந்து வருபவர் மிகக் குறைவு. காலணி போட்டுப் பார்த்து நிதானமாக வாங்கும் பொருள் என்பதால், வேகமாக விற்கும் சிறு பொருள்களுக்குக் கிடைக்கும் முழு ஆதாயம் உங்களுக்கு வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் கட்டடத்தின் மதிப்பு ஏறுவதும் உங்கள் வியாபாரம் ஏறுவதும் இரண்டு தனிக் கணக்குகள்.

கட்டடத்தின் நிலை பற்றியும் ஒரு வார்த்தை. தோண்டும் முன் ஒப்பந்ததாரர் செய்யும் கட்டட ஆய்வின் படியைக் கையொப்பத்துடன் வாங்கி வையுங்கள். அதில் விட்டுப்போன பழைய விரிசல்களை நீங்களே தேதியுடன் படமெடுத்துக்கொள்ளுங்கள். புதிய விரிசல் கண்டால் அதன் மீது கண்ணாடித் துண்டு ஒன்றைக் குறுக்காகச் சுண்ணச்சாந்தில் ஒட்டித் தேதி எழுதுங்கள்; கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். மயிரிழைக் கீறல்கள் பொதுவாக அச்சத்துக்குரியவை அல்ல. ஆனால் 2008இல் ஆம்ஸ்டர்டாமில் டயஃப்ரம் சுவரில் ஏற்பட்ட கசிவால், நிலையத்தை ஒட்டிய பழைய வீடுகள் சில மாத இடைவெளியில் இருமுறை கீழிறங்கின. எனவே கதவு திடீரெனச் சட்டத்தில் உரசினால் அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள்.

வாயில் உங்கள் பக்கத்தில் வருகிறது என்று வரைபடம் காட்டினால் கட்டடத்தை விற்காதீர்கள். கடையை மட்டும் பேருந்துகள் திருப்பிவிடப்பட்ட இணைச் சாலையில் ஒரு சிறு வாடகை இடத்துக்கு மாற்றி, பழைய எண்ணிலேயே வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்புங்கள். சொந்தக் கட்டடத்தைச் சரக்குக் கிடங்காகவோ, வழிப்போக்கரை நம்பாத அலுவலகத்துக்கு வாடகைக்கோ விடுங்கள். வாயில் எதிர்ப்பக்கம் என்றால், அல்லது பெட்டியின் எல்லைக்கு அப்பால் என்றால், தம்பி சொல்வதே சரி. நல்ல விலை கேட்டு வருபவருக்கு இப்போதே கொடுத்துவிடலாம். வாடகைக்கு விடுவதானால் ஒப்பந்தத்தில் ஒன்றை மறக்காமல் எழுதுங்கள். இன்றைய தாழ்ந்த வாடகையை ஒன்பது, பத்து ஆண்டுகளுக்கு நிலைநிறுத்திக் கையெழுத்து வாங்கப் பெரிய நிறுவனங்களின் ஆட்கள் இந்த நேரத்தில்தான் வருவார்கள். ‘முகப்புச் சாலை திறக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வாடகை மறுநிர்ணயம் செய்யப்படும்’ என்ற வரி இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்; ‘ரயில் ஓடும் நாளிலிருந்து’ என்று அவர்கள் திருத்தித் தந்தால் அதையும் ஏற்க வேண்டாம்.