சிங்கப்பூர் கார் கடலூர் வரும்போது இன்சூரன்ஸ்

கேள்வி: "சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்புகிறோம். அங்கே ஓட்டிய காரையும் கப்பலில் அனுப்பப் போகிறோம். இரண்டு வருடக் கார். அங்குள்ள இன்சூரன்ஸ் இன்னும் 8 மாதம் இருக்கிறது. அது போதுமா, இங்கே புதிதாக எடுக்கணுமா?"
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: போதாதும்மா. சிங்கப்பூர் பாலிசி அந்த ஊருக்கும், பக்கத்து மலேசியா போன்ற இடங்களுக்கும்தான். நடுக்கடலிலோ இந்தியச் சாலையிலோ அது செல்லாது.

கடல் பயணத்துக்குத் தனியாக மரைன் கார்கோ பாலிசி எடுங்கள். "இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாசஸ் ஏ" என்று கேளுங்கள். சி வகை விலை குறைவு, ஆனால் ஏற்றி இறக்கும்போது கார் அடிபட்டால் பெரும்பாலும் கைகொடுக்காது. பயண முடிவிடம் மும்பைத் துறைமுகம் என்று நின்றுவிடாமல், கடலூர் வீட்டு முகவரி வரை எழுதச் சொல்லுங்கள். பழைய கார் மும்பை வழியாகத்தான் இறக்குமதி ஆக வேண்டும் என்பது விதி. தயாரித்து 3 வருடத்துக்குள்ளும் இருக்க வேண்டும். அங்கிருந்து கடலூர் வரும் தரைப்பயணம்தான் பலருக்கு விட்டுப்போகிறது.

இன்னொரு பொறி உண்டு. கப்பலிலிருந்து இறக்கிய 60 நாளில் இந்தப் பாலிசி தானாக முடிந்துவிடும். ஜூன் 10 இறக்கினால் ஆகஸ்ட் 9 வரைதான். சுங்கத்தில் காகிதம் இழுத்தால் கார் காப்பே இல்லாமல் யார்டில் நிற்கும். ஐம்பதாவது நாளுக்குள்ளாவது நீட்டிப்புக் கேளுங்கள்.

ஏற்றுமுன் நான்கு மூலை, முன்கண்ணாடி, ஓடோமீட்டர் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுங்கள். வந்த காரைப் பெற்றுக்கொள்ளும்போது கீறல், நெளிவு தெரிந்தால் டெலிவரி ரசீதில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்து. பிறகு கண்ணில் பட்டால் 3 நாளுக்குள் கப்பல் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தள்ளிப்போட்டால் "நல்ல நிலையில்தான் கொடுத்தோம்" என்பார்கள், அதை மறுக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

சாலையில் இறக்குமுன் இந்திய மோட்டார் பாலிசி கட்டாயம். ஆர்டிஓ பதிவுக்கும் அது வேண்டும். நம்பர் இன்னும் வராததால் சேசிஸ், இன்ஜின் எண்களை வைத்துப் போடுவார்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் சட்டத்துக்குப் போதும், ஆனால் அதில் உங்கள் காருக்கு நயா பைசா கிடைக்காது. காம்பிரிஹென்சிவ் எடுங்கள். ஐடிவி, அதாவது காப்பு மதிப்பைப் பேசும்போது நீங்கள் கட்டிய சுங்கவரியின் ரசீதையும் காட்டுங்கள். வரியை விட்டுவிட்டு மதிப்புப் போட்டால், கார் திருடுபோகும் நாளில் அந்தப் பணம் போனது போனதுதான்.

இதில் நீங்கள் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டியது ஒரு கடிதம். சிங்கப்பூர் கம்பெனியிடம் பாலிசியை ரத்து செய்யும்போதே, கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கான பிரீமியச் சலுகையைக் குறித்த என்சிடி கடிதம் கேளுங்கள். அந்தப் பாலிசி முடிந்த 3 வருடத்துக்குள் இங்கே எடுத்தால், அந்தச் சலுகையை இங்கே ஏற்க இடமுண்டு. உதாரணமாக, சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 40,000 ரூபாய், உங்களுக்கு 50 சதவீதம் சலுகை என்றால் 20,000 மிச்சம். தேர்ட் பார்ட்டி பகுதியில் குறையாது.