அவுட்-ஆஃப்-பேக் பிழையை எப்போது நம்பலாம்?

கேள்வி: 120 நீரிழிவு நோயாளிகளுக்குத் தலா 5 வருகைப் பதிவுகள் என மொத்தம் 600 வரிகள் உள்ளன. விழித்திரைப் பாதிப்பு உண்டா என்று ரேண்டம் ஃபாரஸ்ட் மூலம் கணிக்கிறேன். oob_score_ 0.94 வருகிறது. தரவு குறைவு என்பதால் சோதனைக்கெனத் தனியே ஒதுக்க மனமில்லை. இந்த எண்ணை மட்டும் அறிக்கையில் எழுதலாமா?

பதில்: வேண்டாம். முறையில் குறையில்லை, ஆனால் உங்கள் வரிகள் அந்த முறை எதிர்பார்ப்பதைப் போல ஒன்றையொன்று சாராதவை அல்ல.

ஒவ்வொரு மரத்தையும் வளர்ப்பதற்கு 600 வரிகளிலிருந்து, எடுத்ததைத் திரும்பப் போட்டு, 600 முறை வரிகள் எடுக்கப்படுகின்றன. ஒரு குறிப்பிட்ட வரி ஒருமுறைகூட எடுபடாமல் போகும் வாய்ப்பு (1 − 1/600)^600, அதாவது ஏறத்தாழ 0.37. எனவே 500 மரங்கள் வளர்த்தால், அவற்றில் சுமார் 184 மரங்கள் அந்த வரியைப் பார்க்காமலே வளர்ந்திருக்கும். அந்த மரங்களை மட்டும் வாக்களிக்கச் செய்து, கிடைக்கும் விடையை உண்மை விடையோடு ஒப்பிட்டு, எல்லா வரிகளுக்கும் சேர்த்துக் கணக்கிடுவதே அவுட்-ஆஃப்-பேக் பிழை. ரேண்டம் ஃபாரஸ்டை 2001-இல் முன்வைத்த லியோ பிரைமன், தனிச் சோதனைத் தரவு ஒதுக்கும் தேவையை இது நீக்குகிறது என்றே கருதினார். வரிகள் ஒன்றையொன்று சாராதிருந்து, மரங்களும் சில நூறு இருந்தால், நானும் அதை ஏற்கிறேன். 30 மரங்கள் மட்டும் இருந்தால் ஒரு வரிக்குச் சுமார் 11 வாக்குகளே கிடைக்கும் என்பதால், பிழை உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தெரியும்.

உங்கள் தரவில் நடப்பது இதற்கு நேர்மாறானது. ஒரு நோயாளியின் ஐந்து வரிகளும் ஒரே மரத்துக்கு வெளியே நிற்கும் வாய்ப்பு ஏறத்தாழ 0.0066 மட்டுமே; 500 மரங்களில் இது மூன்று மரங்களுக்குச் சற்று மேல். ஆக, ஒரு வரிக்கு வாக்களிக்கும் 184 மரங்களில் 180-க்கும் மேற்பட்டவை அதே நோயாளியின் வேறொரு வருகையை ஏற்கெனவே பார்த்தவை. வயது, உயரம், நோய் தொடங்கிய ஆண்டு போன்றவை வருகைக்கு வருகை அதிகம் மாறுவதில்லை, விழித்திரை நிலையும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். எனவே மரம் நோயைக் கற்காமல் ஆளை அடையாளம் கண்டே சரியான விடையைச் சொல்லிவிட முடியும், 0.94-இல் அதன் பங்கு எவ்வளவு என்பதை அந்த எண்ணிலிருந்து பிரித்தறிய இயலாது.

நோயாளி எண்ணைக் குழுவாகக் கொடுத்து ஒருமுறை சரிபாருங்கள்:

```python
cv = GroupKFold(n_splits=5)
cross_val_score(rf, X, y, groups=pid, cv=cv).mean()
```

இங்கே ஒவ்வொரு சுற்றிலும் 24 நோயாளிகள் முழுமையாக விலக்கப்பட்டு, எஞ்சிய 96 பேரைக் கொண்டு மாதிரி கற்கிறது. கிடைக்கும் சராசரி 0.94-க்கு அருகிலேயே இருந்தால் கவலையில்லை. வெகுவாகக் குறைந்தால், புதிய நோயாளியிடம் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது அந்தக் குறைந்த எண்ணைத்தான். அறிக்கையிலும் அதையே எழுதுங்கள்.

அவுட்-ஆஃப்-பேக் முறையையே விரும்பினால், வரிகளுக்குப் பதிலாக நோயாளிகளைத் திரும்பப் போட்டு 120 முறை எடுத்து, அவர்களின் எல்லா வரிகளிலும் ஒவ்வொரு மரத்தையும் நீங்களே வளர்க்கலாம். அப்போது ஒவ்வொரு மரத்துக்கும் சுமார் 44 நோயாளிகள் முழுமையாக வெளியே நிற்பார்கள்.