கசின் பிரதர், ப்ரீபோன்: பிழையா இல்லையா?

"'மை கசின் பிரதர் லிவ்ஸ் இன் ஏற்காடு' வாக்கியத்துக்கு ஆங்கிலத் தேர்வின் பிழை காணும் கேள்வியில் 'நோ எரர்' குறித்தேன், தவறாம். ப்ரீபோனும் இப்படித்தானா? – சேலம்"

ஆமாம், தேர்வில் இரண்டுமே பிழைக் கணக்குதான். முதலாவதற்கு வெறும் 'கசின்' போதும். ப்ரீபோனுக்கு 'அட்வான்ஸ்' அல்லது 'பிரிங் ஃபார்வர்ட்'.

நம் வீடுகளில் சித்தப்பா பையனும் அண்ணன்தான், அதனால் பிரதர் தானாக ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் கசின் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆண் என்று காட்ட, அடுத்த வாக்கியத்தில் 'ஹி' வந்தால் போதும்.

சோதித்துப் பாருங்கள்: 'தி ஏற்காடு ட்ரிப் வாஸ் ப்ரீபோன்ட் ஃப்ரம் சண்டே டு ஃப்ரைடே.' ப்ரீபோன்ட்டுக்குப் பதிலாகத் தரும் வாய்ப்புகள் போஸ்ட்போன்ட், அட்வான்ஸ்ட், கேன்சல்ட், நோ இம்ப்ரூவ்மென்ட். முதலில் நாளைப் பாருங்கள். ப்ரீபோன்ட் என்பதால் இது அந்த ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி, ஆகவே அட்வான்ஸ்ட். அவசரத்தில் போஸ்ட்போன்ட் குறித்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

ஒன்று மட்டும்: ப்ரீபோன் இந்திய வழக்கு என்ற குறிப்போடு ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலேயே இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சிலோ அலுவலக மெயிலிலோ பெரும்பாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தேர்வில் ப்ரீபோன் வரும் வாக்கியத்திலேயே 'ஹேவ்', 'ஹேஸ்' மாறி வருவது போன்ற அப்பட்டமான இலக்கணப் பிழை வேறு பகுதியில் இருந்தால், ப்ரீபோனை விட்டுவிட்டு அதைக் குறியுங்கள்.