திரும்பும் டிக்கெட்டை வாரக் கணக்கில் பாருங்கள்

கேள்வி: என் மகள் துபாயில் இருக்கிறாள். முதல் பிரசவம், மே 20 என்று ஸ்கேனில் தேதி கொடுத்திருக்கிறார்கள். வளைகாப்புக்குப் பிப்ரவரி 18 சேலம் வந்து, சித்திரை ஒண்ணாம் தேதி வரை எங்களோடு இருந்துவிட்டு ஏப்ரல் 16 கிளம்பலாம் என்கிறாள். குழந்தை அங்கேதான் பிறக்க வேண்டும். "எட்டு மாசம் முடியற வரைக்கும் ஏத்திக்குவாங்க, டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டா போதும்" என்கிறார் டிராவல்ஸ்காரர். நம்பிப் போடலாமா? பெங்களூர் வழி நல்லதா, திருச்சி வழி நல்லதா?

- ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்

பதில்: வருவதற்கான டிக்கெட்டைத் தாராளமாகப் போடுங்கள் அம்மா. ஏப்ரல் 16-ஐ மட்டும் மாற்றுங்கள்.

நாம் மாசக் கணக்கில் பேசுகிறோம், கவுண்டரில் இருப்பவர் வாரக் கணக்கில் பார்ப்பார். பிரசவத் தேதி என்பது 40 வாரம் முடியும் நாள். அதிலிருந்து காலண்டரில் பின்னோக்கி எண்ணினால் போதும். மே 20-லிருந்து 28 நாள் பின்னால் போனால் ஏப்ரல் 22, அன்று 36 வாரம் முடிகிறது. இன்னும் 28 நாள் போனால் மார்ச் 25, அது 32 வாரம். இன்னொரு 28 நாள் போனால் பிப்ரவரி 25, அது 28 வாரம். ஆக, பிப்ரவரி 18 வரும்போது மகளுக்குச் சரியாக 27 வாரம். பெரும்பாலான நிறுவனங்கள் 28 வாரம் வரை எந்தக் கடிதமும் கேட்பதில்லை. ஆனாலும் வயிறு தெரியும் என்பதால், பிரசவத் தேதி போட்ட ஸ்கேன் தாளைக் கையில் வைத்திருக்கட்டும்.

ஏப்ரல் 16 அன்று 35 வாரமும் ஒரு நாளும் ஆகியிருக்கும். எமிரேட்ஸ் போன்றவை ஒற்றைக் குழந்தைக்கு 36 வாரம் வரை, இரட்டைக் குழந்தைக்கு 32 வாரம் வரை ஏற்றுகின்றன. 35 வாரத்தோடு நிறுத்திவிடும் நிறுவனங்களும் உண்டு. அங்கே உங்கள் மகள் ஒரே ஒரு நாளில் டிக்கெட்டை இழப்பாள். 36 வரை ஏற்றும் நிறுவனத்தில் போட்டாலும் கையில் மிஞ்சுவது ஆறு நாள்தான். விமானம் ரத்தானாலோ, மகளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தாலோ அந்த ஆறு நாளும் கரைந்துவிடும். பிறகு பிரசவம் சேலத்தில்தான். துபாய் காப்பீடு இங்கே ஆகும் செலவை ஏற்குமா என்று அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. ஏப்ரல் 5 என்று வைத்துக்கொண்டால் 33 வாரமும் நான்கு நாளும்தான் ஆகும், கைவசம் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும். சித்திரை ஒண்ணுக்கு மகள் வீட்டில் இருக்க மாட்டாள் என்பது வருத்தம்தான். வளைகாப்பை மாசிக்குள் முடித்துவிடுங்கள், அது கைவிட்டுப் போகாது.

இனி கடிதம். துபாயில் வாங்கி வரும் கடிதத்தையே திரும்பும்போதும் காட்டலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பிப்ரவரியில் எழுதிய கடிதம் ஏப்ரலில் மகள் எப்படி இருக்கிறாள் என்று சொல்லாது. எத்தனை நாள் பழைய கடிதம் செல்லும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உதாரணமாக சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 28 வாரம் தாண்டிய முதல் பயணத்துக்கு முந்தைய பத்து நாளுக்குள் எழுதியதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே திரும்பும் கடிதத்தைச் சேலத்தில் மகளைப் பார்க்கும் மருத்துவரிடம்தான் வாங்க வேண்டும். முன்பின் பார்க்காத ஒருவருக்கு எந்த மருத்துவரும் கடைசி வாரத்தில் கையெழுத்துப் போடத் தயங்குவார். மகள் வந்த வாரமே ஒரு முறை காட்டிப் பதிந்துவிடுங்கள்.

என் அண்ணன் மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மருந்துச் சீட்டிலேயே 'பயணம் செய்யலாம்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார் மருத்துவர். கவுண்டரில் இருந்த பெண் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேதியும் இல்லை, எத்தனை வாரம் என்பதும் இல்லை. இரவு பதினொரு மணிக்கு மருத்துவரை எழுப்பி வாட்ஸாப்பில் புதுக் கடிதம் வாங்கினோம். அசல் வேண்டும் என்று அதையும் ஏற்கவில்லை. கடிதம் சரியில்லை என்று இறக்கிவிட்டால் அது பயணியின் பொறுப்பாகத்தான் கணக்காகும். பணம் எவ்வளவு திரும்பும் என்பது அந்த டிக்கெட்டின் ரத்து விதியைப் பொறுத்தது. எங்களுக்கு வரிப்பணம் மட்டுமே வந்தது.

அதனால் கடிதம் மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் அச்சிட்ட தாளில், ஆங்கிலத்தில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், எழுதிய தேதி, அன்றைக்கு எத்தனை வாரம், பிரசவத் தேதி, ஒற்றைக் குழந்தை, சிக்கல் ஏதும் இல்லை, எந்தத் தேதி வரை பறக்கலாம் என்பவை அதில் வேண்டும். இந்தக் கடைசி வரியைத்தான் நம் மருத்துவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள், கேட்டு எழுத வையுங்கள். நிறுவனமே படிவம் வைத்திருந்தால் அதை அச்சிட்டு எடுத்துப் போங்கள். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தப்போக்கு இருந்தது, ரத்தசோகை கடுமையாக இருக்கிறது என்றால் பயணமே வேண்டாம் என்று மருத்துவர் சொல்லலாம். அங்கே வற்புறுத்தாதீர்கள். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்று ஏற்காட்டை விட உயரமான, கிட்டத்தட்ட ஊட்டி உயரத்துக் காற்று போலத்தான். நல்ல உடம்புக்கு அது ஒன்றும் செய்யாது, ரத்தம் குறைந்த உடம்புக்குச் சிரமம்.

வழியைப் பொறுத்தவரை, நேரடி விமானம் கிடைக்கும் நாளில் திருச்சிக்கே என் ஓட்டு. வானில் நான்கு மணி நேரம், பிறகு நாமக்கல் வழியாக 140 கிலோமீட்டர் கார். பெங்களூரில் இறங்கினால் தேவனஹள்ளியிலிருந்து ஊரைக் கடந்து ஓசூர், கிருஷ்ணகிரி என்று ஐந்து மணி நேரம் உட்கார வேண்டும். பெங்களூரிலிருந்து சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்துக்குச் சின்ன விமானம் பிடிக்கலாமே என்று தோன்றும். தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது போச்சு, இரண்டு நிறுவனங்களின் வார விதிக்கும் கடிதம் பொருந்த வேண்டும். படியேறித்தான் விமானத்துக்குள் போகவும் வேண்டும். ஏப்ரலில் அது வேண்டாம். ஆனால் திருச்சி விமானம் நள்ளிரவில் இறங்கினால் அங்கேயே ஒரு அறை எடுத்துத் தூங்கிவிட்டு விடிந்ததும் கிளம்புங்கள்.

இருக்கையை முன்பணம் கட்டியாவது நடைபாதை ஓரமாக, கழிவறைக்குப் பக்கத்தில் எடுங்கள். கர்ப்பத்தில் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைய வாய்ப்பு கூடுதல், அதனால் மணிக்கொரு முறை எழுந்து நடக்க வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் பக்கத்தில் இருப்பவர் தூங்கினால் கூச்சப்பட்டு எழ மாட்டாள். பெல்ட்டை வயிற்றின் மேல் போடாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் படியும்படி போடச் சொல்லுங்கள். மேலே போகப் போக வயிற்று வாயு விரியும், புறப்படும் முன் சுண்டலும் சோடாவும் தவிர்க்கட்டும்.

ஏப்ரல் 5 டிக்கெட்டை எடுக்கும்போது தேதி மாற்றக் கட்டணம் குறைவாக உள்ள வகையை எடுத்து, அன்றே மருத்துவரிடம் ஏப்ரல் 2-க்கு நேரம் கேட்டு வைத்துவிடுங்கள்.