நெட்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட புல்

"தங்கையின் கல்யாணப் படம், சர்ச் புல்வெளியில் எடுத்தது. வெள்ளைச் சேலை, தலையில் நெட். மெரூன் பின்னணியில் மாற்றினால் நெட்டுக்குள் பச்சை தெரிகிறது. ஸ்டுடியோவில் சரிசெய்து தந்ததில் நெட் வெள்ளைத் தாள் மாதிரி இருக்கிறது. வீட்டிலேயே போட்டோஷாப்பில் செய்ய முடியுமா சார்?"

முடியும். முதலில் படத்தை இரண்டாகப் பிரியுங்கள். உடம்பு, சேலை, முடி எல்லாம் பென் டூலால் வெட்டிய ஒரு லேயர். உடம்புக்கு வெளியே பறக்கும் நெட் தனி. அந்த நெட்டை வெட்டி எடுக்கவே வேண்டாம். அதில் புல் கலந்துவிட்டது. நெசவின் வடிவத்தை மட்டும் எடுத்து, புதிதாக வெள்ளை பூசுங்கள்.

Channels பகுதியில் Blue-ஐப் பாருங்கள். புல்லில் நீலம் குறைவு என்பதால் அங்கே புல் கறுப்பாகவும் நெட் வெளுப்பாகவும் இருக்கும். அதற்கு ஒரு நகல் எடுத்து, Ctrl+L தட்டி, இடப்பக்கக் குமிழை புல் கறுக்கும் வரை நகர்த்துங்கள். ஒற்றை மடிப்பு சாம்பலாக இருக்க வேண்டும். அதுவும் கறுத்தால் நெட்டே போய்விடும். வெயில் பட்ட புல் நுனிகள் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். நெட்டுக்கு வெளியே இருந்தால் கறுப்பு பூசுங்கள்; உள்ளே இருந்தால் பக்கத்துச் சாம்பலைக் குளோன் செய்து மூடுங்கள்.

பிறகு நகலின் சிறுபடத்தில் Ctrl அழுத்திக் கிளிக் செய்து, லேயருக்குத் திரும்பி Solid Color சேருங்கள். நிறத்தை நெட்டின் தடித்த மடிப்பிலிருந்து எடுங்கள். மாஸ்க் தானாக வந்துவிடும். அதில் நெட் இல்லாத இடமெல்லாம் கறுப்பாக்குங்கள்.

ஒன்றில் கவனம் தேவை. தோளிலும் முடியிலும் படிந்த நெட்டுக்குப் பின்னால் இருப்பது புல் இல்லை, உங்கள் தங்கை. அங்கே ஒளிபுக வைத்தால் தோளுக்குள் மெரூன் தெரியும். அந்த இடம் முழுவதும் முதல் லேயரில், படத்தில் உள்ளபடியே இருக்கட்டும். முக்காடு முகத்தில் விழுந்திருந்தாலும் அப்படித்தான். இரண்டு லேயரும் சேரும் தோள் விளிம்பை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் தொடுங்கள். நான் பார்க்கும் பத்துப் படத்தில் பாதி கெடுவது இந்த இடத்தில்தான்.

ஸ்டுடியோக்காரர் பெரும்பாலும் வெளியே கொடுத்துத்தான் வாங்குகிறார். அங்கே பட்டுக்கும் நெட்டுக்கும் ஒரே ரேட். அந்தக் காசுக்கு யார் சேனல் பார்க்கப் போகிறார்? சுற்றி வெட்டி, மொத்தத்துக்கும் ஒபாசிட்டியைப் பாதியாக்கிக் கொடுத்துவிடுவார்கள்; ஓர லேஸும் சேர்ந்து மங்கும், புல்லும் பாதி நிற்கும். ஸ்டுடியோவில் படத்தை வாங்கிக்கொள்வதற்கு முன் லேயர்களோடு உள்ள PSD ஃபைலைக் கேளுங்கள். அடியில் ஒரு முறை கறுப்பு, ஒரு முறை அடர் சிவப்பு லேயர் வையுங்கள். உடம்புக்கு வெளியே பறக்கும் நெட்டுக்குள் அந்த நிறம் மாறவில்லை என்றாலோ பச்சை தெரிந்தாலோ பணம் கொடுக்காதீர்கள். JPG தந்தால் சோதிக்கவே வழியில்லை, அதில் ஒளிபுகும் தன்மை தங்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.