சரவணன், சரவணா, சரவணனே: செய்தியின் முதல் சொல்லை எப்படி எழுதுவது?

கேள்வி: கைபேசியில் தமிழிலேயே செய்தி அனுப்ப வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறேன். முதல் சொல்லிலேயே தடுமாற்றம். என் வீட்டு உரிமையாளருக்கு 70 வயது. அவரை ‘ஐயா’ என்பதா, ‘ஐயா அவர்களே’ என்பதா, ‘ஐயாவுக்கு’ என்பதா? நண்பன் பெயர் சரவணன். ‘சரவணன்’ என்றால் விறைப்பாக இருக்கிறது, ‘சரவணனே’ என்றால் நாடக வசனம் மாதிரி இருக்கிறது. எது சரி?

பதில்: நண்பருக்குச் ‘சரவணா,’ என்று எழுதுங்கள். வீட்டுக்காரருக்கு ‘ஐயா, வணக்கம்.’ போதும். இரண்டிலும் காற்புள்ளி இருக்கட்டும். அவசரமாகச் செய்தி அனுப்ப வேண்டியவர்கள் இந்த இடத்திலேயே போய்விடலாம். காரணம் தெரிந்தால்தான் மனம் ஒப்பும் என்பவர்கள் கொஞ்சம் இருங்கள்.

அழைப்பதற்கென்றே தமிழில் ஒரு வேற்றுமை உண்டு. எட்டாவதான விளி வேற்றுமை அது. முதல் வேற்றுமையை விட்டால், மற்ற வேற்றுமைகளுக்கு ‘ஐ’, ‘கு’, ‘இன்’ என்று உருபு ஒட்டுகிறது. விளிக்கு அப்படித் தனி உருபு கிடையாது. பெயரின் ஈறுதான் மாறும், நீளும், அல்லது சும்மா இருக்கும். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் ‘விளிமரபு’ என்று ஓர் இயலே இதற்காக இருக்கிறது. ‘அன்’ என்று முடியும் பெயர் விளியில் ‘ஆ’ என்று முடியும் என்பது அதில் உள்ள விதி. சேரன் சேரா ஆவான், கண்ணன் கண்ணா ஆவான், உங்கள் சரவணன் சரவணா ஆவார். நம் பாட்டிமார் இலக்கணம் படிக்காமலே கடைப்பிடித்த விதிதான்.

‘ஏ’ சேர்த்து அழைப்பதும் இலக்கணப்படி பிழையன்று. முறைப்பெயர்களுக்கு அதையே தொல்காப்பியம் சொல்கிறது: மகன், மகனே, மருமகன், மருமகனே. இன்றும் யாரும் மகனை ‘மகா’ என்று கூப்பிடுவதில்லை. ஆனால் ஆட்பெயரோடு ‘ஏ’ சேரும்போது இரண்டு தொல்லைகள் வருகின்றன. ஒன்று நீங்களே சொன்ன நாடகத் தொனி. மற்றொன்று பொருள் மயக்கம். ‘சரவணனே டிக்கெட் எடுத்துவிட்டான்’ என்றால் வேறு யாரும் எடுக்கவில்லை, அவனாகவே எடுத்தான் என்று பொருள். அழுத்தம் தரும் ஏகாரம் அது. நீங்கள் ‘சரவணனே டிக்கெட் எடுத்துவிட்டேன்’ என்று அனுப்பினால், நண்பர் கடைசிச் சொல் வரை போய், திரும்பி வந்து படிக்க வேண்டியிருக்கும்.

இந்த ‘ஆ’ எல்லாப் பெயருக்கும் பொருந்தாது. செந்தில், ரமேஷ் போன்ற பெயர்களில் மாற்ற ஒன்றுமில்லை. அப்படியே எழுதிக் காற்புள்ளி இடுங்கள். ‘செந்திலா’ என்று நீட்டினால் அது அழைப்பாகாது, ‘வந்தது செந்திலா?’ என்ற கேள்வியாகிவிடும். தேவி, தம்பி போன்ற இகர ஈற்றுப் பெயர்களைத் ‘தேவீ’, ‘தம்பீ’ என்று நீட்டலாம் என்பது பழைய விதி. அருகில் இருப்பவரை அழைத்தால் அவை இயல்பாகவே நிற்கும் என்றும் அந்த நூலே சொல்கிறது. கையில் பிடித்திருக்கும் கைபேசியை அண்மை என்று எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ‘தம்பி,’ போதும்.

இனிப் பெரியவர்கள். ‘ஆ’ என்ற அந்த ஒலியில் நெருக்கம் இருக்கிறது. நெருக்கத்தோடு ஒருமையும் சேர்ந்தே வருகிறது. கடவுளை ‘முருகா’ என்று தயங்காமல் அழைக்கிறோம். அதே பெயருள்ள மேலாளரை அப்படி அழைத்துவிட்டு மறுநாள் அலுவலகம் போக முடியாது. அவருக்கு ‘முருகன் சார்,’ அல்லது ‘முருகன் ஐயா,’ என்று பெயரின் ஈற்றை மாற்றாமல் பின்னால் மரியாதைச் சொல் சேர்ப்பதே வழக்கம். உங்கள் நண்பர் சரவணன் நாளை உங்களுக்கு மேலதிகாரியாக வந்தால், அலுவலகக் குழுச் செய்தியில் அவரையும் ‘சரவணன்,’ என்று முழுப்பெயரில் விளிப்பதே நல்லது. நீங்கள் விறைப்பு என்று சொன்னது அங்கே பொருத்தமாக உட்காரும்.

உறவுச் சொற்களில் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. அப்பன் அப்பாவானதும், மாமன் மாமாவானதும், ஐயன் ஐயாவானதும் விளியில்தான். அழைத்து அழைத்து அந்த விளி வடிவமே பெயராக நிலைத்துவிட்டது. ‘அப்பா வந்தார்’, ‘மாமாவுக்குக் கொடு’ என்று விளியின் மேலேயே மற்ற வேற்றுமைகளை ஏற்றிக்கொண்டோம். சென்னையின் அண்ணா சாலையும் அப்படித்தான். ஒரு விளி பெயராகி, சாலைக்கும் பெயராகிவிட்டது. ஆகவே ஐயா, அம்மா, மாமா ஆகியவற்றோடு மறுபடியும் ‘ஏ’ ஒட்டி ‘ஐயாவே’, ‘மாமாவே’ என்று எழுதினால், அழைத்தவரையே மீண்டும் அழைப்பது போல ஆகும். வழிபாட்டில் ‘அப்பனே முருகா’ என்பது வேறு. அண்ணன் மட்டும் இன்னும் இரண்டு உருவத்தில் இருக்கிறார்: அவரைப் பற்றிப் பேசும்போது அண்ணன், அவரிடம் பேசும்போது அண்ணா. ‘அண்ணன், எப்போது வருகிறீர்கள்?’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது நெருடுகிறது.

‘ஐயா அவர்களே’ என்பது மேடைக்கும் வரவேற்பு மடலுக்கும் உரியது. வாடகைச் செய்தியில் அதை எழுதினால், ஏதோ பெரிய கோரிக்கை வரப்போகிறது என்று அவர் நிமிர்ந்து உட்காருவார்.

‘ஐயாவுக்கு’ என்பது விளியே அல்ல, நான்காம் வேற்றுமை. ‘அன்புள்ள அப்பாவுக்கு,’ என்று கடிதம் எழுதிய காலத்திலிருந்து வந்த பழக்கம். கடிதத்தில் அது தனி வரியில் நின்றது. அதன் கீழே ‘நலம், நலமறிய ஆவல்’ என்று வேறு வரி தொடங்கியது. கைபேசியில் எல்லாம் ஒரே வரியாக ஓடும்போது அந்த ‘கு’ பின்னால் வருவதைப் பற்றிக்கொள்கிறது. ‘ஐயாவுக்கு நாளை மருத்துவமனையில் பரிசோதனை’ என்று எழுதியவர் தம் பரிசோதனையைப் பற்றிச் சொல்ல நினைத்தார். படித்தவர் ஐயாவுக்குத்தான் பரிசோதனை என்று புரிந்துகொள்வார். நான்காம் வேற்றுமையே வேண்டுமென்றால் ‘ஐயாவுக்கு வணக்கம்.’ என்று முற்றுப்புள்ளியோடு அந்த வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். அது நல்ல தமிழ்தான்.

இப்போது காற்புள்ளிக்கு வருகிறேன். இருபது ஆண்டுகளாகப் பிறர் எழுத்தில் மெய்ப்புத் திருத்தி வருபவன் நான். சென்ற ஆண்டு மகனின் வகுப்பாசிரியைக்கு அவசரத்தில் ‘டீச்சர் பையனுக்குக் காய்ச்சல். இன்று வரமாட்டான்’ என்று அனுப்பினேன். ‘என் பையன் நன்றாக இருக்கிறானே, யார் சொன்னது?’ என்று பதில் வந்தது. அவருக்கும் அதே பள்ளியில் ஒரு மகன் படிக்கிறான் என்பது எனக்குத் தெரியாது.

பிழை எங்கே என்று பாருங்கள். தமிழில் ஆறாம் வேற்றுமை உருபு பெரும்பாலும் மறைந்தே வரும். அக்கா வீடு, மாமா கடை, டீச்சர் பையன் என்று இரண்டு பெயர்களை அடுத்தடுத்து வைத்தாலே உடைமைப் பொருள் வந்துவிடும். ஈறு மாறாத விளியும் அதே உருவம்தான். ஆகவே விளியை அடுத்து ஒரு பெயர்ச்சொல் வந்தால், காற்புள்ளி இல்லாத இடத்தில் வாசகர் உடைமை என்றே படிப்பார். ‘ஐயா வாடகை அனுப்பிவிட்டேன்’ என்று நீங்கள் எழுதினால் அது ஐயா கட்டவேண்டிய வாடகை ஆகிவிடும். ‘அம்மா அப்பா வந்துவிட்டார்கள்’ என்பது இன்னும் மோசம்: அப்பா வந்ததை அம்மாவுக்குச் சொல்கிறீர்களா, இருவரும் வந்ததை வேறு யாருக்கோ சொல்கிறீர்களா? பேசும்போது குரல் ஒரு கணம் நின்று இதைப் பிரித்துவிடும். எழுத்தில் அந்த வேலையைக் காற்புள்ளிதான் செய்கிறது. அதுவும் சின்னத் திரையில் கண்ணில் படாமல் போகலாம் என்பதால், விளிக்கும் செய்திக்கும் இடையில் ‘வணக்கம்’ போட்டுவிடுவது என் இப்போதைய பழக்கம். ‘டீச்சர், வணக்கம். பையனுக்குக் காய்ச்சல்.’ இதில் இடறுவதற்கு இடமே இல்லை.

காற்புள்ளிக்குப் பதிலாக ‘அண்ணா!’ என்று எழுதலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. பள்ளி இலக்கணத்தில் அந்தக் குறிக்கு விளிக்குறி என்றே ஒரு பெயர் உண்டு, ‘தாய்மார்களே!’ என்று மேடைப் பேச்சை அச்சிடும்போது இடுவார்கள். இரவு பதினொரு மணிக்கு ‘அண்ணா!’ என்று கைபேசியில் வந்து விழுந்தால், வீட்டில் யாருக்கு என்னவோ என்று பதறுவார்கள். விட்டுவிடுங்கள்.

விளியை எழுதியபின் வினைமுற்றையும் ஒரு முறை பாருங்கள். ‘நண்பா, நாளை வருகிறீர்களா?’ என்பதில் முன்பாதி தோளில் கை போடுகிறது, பின்பாதி கைகூப்புகிறது. ‘நண்பா’ என்றால் ‘வருகிறாயா?’, அவ்வளவு பழக்கம் இல்லையென்றால் ‘நண்பரே, வருகிறீர்களா?’. உறவுகளில் மட்டும் இந்தக் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். அப்பாவுக்கு ‘நீங்கள்’, அம்மாவுக்கு ‘நீ’ என்று வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். அந்த அம்மாவுக்குத் திடீரென்று ‘சாப்பிட்டீர்களா?’ என்று எழுதினால், கோபமா என்று கேட்பார். சொல்லும் ஊருக்கு ஊர் மாறும்: திருநெல்வேலிப் பக்கம் அண்ணாச்சி, யாழ்ப்பாணத்தில் அண்ணை. அத்தையும் அங்கே மாமிதான். அவர்கள் வீட்டில் வழங்குவதையே எழுதுங்கள், திருத்தப் போகாதீர்கள்.

வயது தெரியாத பெண்மணிக்கு ‘அக்கா’வா, ‘அம்மா’வா என்பதற்கு இலக்கணத்தில் விடை இல்லை. நான் முதல் செய்தியில் ‘மேடம், வணக்கம்.’ என்று எழுதிவிட்டு, அவர் பதிலில் என்னைத் ‘தம்பி’ என்கிறாரா, ‘சார்’ என்கிறாரா என்று பார்ப்பேன். தம்பி என்றால் அடுத்த செய்தியிலிருந்து அவர் அக்கா.