முன்னாள் குழு உறுப்பினரைப் பற்றி மிகையின்றிச் சொல்வது

கேள்வி: என் குழுவில் இரண்டு ஆண்டுகள் இருந்த டெஸ்டரைப் பற்றி வேறொரு நிறுவனத்தின் எச்.ஆர். கேட்கிறார். திறமையானவர்தான், ஆனால் குறையும் உண்டு. எப்படிச் சொல்வது?

பதில்: அவர் எந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த வேலையைத் தொடாத குறையை நீங்களாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து, அவர் உங்களிடம் நேரடியாகப் பணியாற்றிய காலத்தையும் பொறுப்பையும் கூறுங்கள்.

"கடின உழைப்பாளி" என்பது எவருக்கும் பொருந்துவதால், கேட்பவருக்கு அதிலிருந்து எதுவும் தெரியாது. "பணம் செலுத்தும் பக்கத்தில் ஒரே தொகை இருமுறை பிடிக்கப்படும் பிழையை வெளியீட்டுக்கு முன்பே கண்டறிந்து, டெவலப்பர் திரும்பக் கேட்கத் தேவையில்லாதபடி அந்தப் பிழை எந்தெந்தப் படிகளில் நேர்கிறது என்பதை எழுதித் தந்தார்" என்றால் அவருடைய கவனமும் எழுத்துத் தெளிவும் சேர்ந்தே புலப்படும்.

குறையையும் இதே போல, எந்தச் சூழலில் தெரிந்தது, எதனால் சரியானது என்பதோடு சொல்லுங்கள்: "வேலைக்கான நாள்களைக் குறைத்து மதிப்பிடுவார், வாரம் இருமுறை நிலவரம் பேசத் தொடங்கியபின் தாமதம் வெகுவாகக் குறைந்தது." குணத்தைத் தீர்ப்பாகக் கூறும் "பொறுப்பற்றவர்" போன்ற சொல் நியாயமற்றது.

தலைமைப் பண்பைப் பற்றிக் கேட்டு, நீங்கள் அதைக் கண்டதில்லை என்றால், "அதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை" என்றே கூறுங்கள். பணிக்காலத்தையும் பதவியையும் மட்டுமே உறுதிசெய்யலாம் என்பது சில நிறுவனங்களின் விதி. பேசுமுன் உங்கள் எச்.ஆரிடம் அதைக் கேட்டுவிடுங்கள்.